நேற்று மழை, இன்று வெட்டு இல்லை: கூற்று–காரணம் வினாவில் நான் தோற்ற கதை

குரூப் 4 தேர்வில் என் பிரிவுக்கான கட்ஆஃப் மதிப்பெண்ணுக்கும் எனக்கும் 6 மதிப்பெண் இடைவெளி. ஒரு வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண் என்றால் 4 வினா. அந்த நாலு வினா எங்கே போயிற்று என்று இறுதி விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு ராத்திரி பதினொரு மணிக்குத் தேடினேன். கூற்று–காரணம் வகையில் மட்டும் 5 தப்பு. அந்த ஐந்திலும் பாடம் எனக்குத் தெரியும். தெரியாத விஷயத்தில் தோற்றிருந்தால் இத்தனை எரிச்சல் வந்திருக்காது.

இதற்காக நான் இழந்ததைச் சொல்லிவிடுகிறேன். தக்கலையில் ஒரு துணிக்கடையில் பில்லிங்கில் மாதம் 9,000 ரூபாய் சம்பளத்துக்கு இருந்தேன். படிக்க வேண்டும் என்று அதை விட்டு எட்டு மாதம் வீட்டில் இருந்தேன், அது 72,000. நாகர்கோவிலில் ஒரு பயிற்சி மையத்துக்கு 14,000, மாதிரித் தேர்வுத் தொகுப்புக்கு 2,200, புத்தகங்களுக்குச் சுமார் 1,800. குலசேகரத்துக்குப் பக்கத்திலிருந்து தினமும் போக வர இரண்டரை மணி நேரம் பஸ்ஸில். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். அந்தப் பதினாலாயிரத்தை அவர் எப்படிச் சேர்த்தார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் முடிவு வந்த பிறகு மூன்று நாள் அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

பயிற்சி மையத்தில் இந்த வகை வினாவுக்கு ஒதுக்கியது ஒரே ஒரு வகுப்பு, அதுவும் நாற்பது நிமிடம். சார் பலகையில் நாலு விடைகளையும் எழுதினார். கூற்று சரி காரணம் தவறு, கூற்று தவறு காரணம் சரி, இரண்டும் சரி காரணம் விளக்குகிறது, இரண்டும் சரி ஆனால் விளக்கவில்லை. பிறகு, "ரெண்டும் சரின்னு தெரிஞ்சிட்டா யோசிக்காம விளக்கம்னு போட்டுட்டுப் போங்க. பத்துல ஏழு அதான் வரும். 200 வினா, மூணு மணி நேரம், ஒரு வினாவுக்கு 54 செகண்ட்தான் இருக்கு" என்றார். அந்த 54 செகண்ட் கணக்கு சரியாக இருந்ததால் மற்றதும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, நோட்டில் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

தோற்ற பிறகுதான் முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். எழுதி முடித்த மாதிரித் தேர்வுகள் இருபதையும் தரையில் பரப்பி, கூற்று–காரணம் வினாக்களை மட்டும் எண்ணினேன். மொத்தம் 140, அதில் 61 தப்பு. அந்த 61-ஐ மறுபடி பிரித்தபோது விஷயம் தெளிவாயிற்று. 23 வினாவில் கூற்றோ காரணமோ சரியா தவறா என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதற்கு மருந்து பாடப்புத்தகம்தான். மிச்சம் 38 வினாவில் இரண்டும் சரி என்று சரியாகவே கண்டுபிடித்திருக்கிறேன். விளக்குகிறதா இல்லையா என்ற கடைசிப் படியில் சறுக்கியிருக்கிறேன். அந்த 38-ல் 31 தடவை, விளக்காததை விளக்குகிறது என்று போட்டிருக்கிறேன். எல்லாம் சிவப்பு மை செய்த வேலை.

இதே வகை வினாவில் மதிப்பெண் போகிறவர்கள் வேறு எதையும் செய்யும் முன் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். ஒரு மத்தியானம் போதும். தப்பு எந்தப் படியில் நடக்கிறது என்று தெரியாமல் இன்னும் ஐந்நூறு வினா பழகினால் அதே தப்புதான் கைக்குப் பழகும்.

அந்த வாரத்தில் ஒரு நாள் ராத்திரி நல்ல மழை. காலையில் நான் திண்ணையில் தாள்களோடு உட்கார்ந்திருக்கிறேன். அப்பா தோட்டத்துக்குப் போகாமல் வெட்டுக்கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மாமா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "மழைன்னு வெட்டப் போகல்லியா?" என்றார். அப்பா தலையைத் தூக்காமலே, "இல்ல அண்ணே, இண்ணைக்கு நமக்கு வெட்டு இல்லாத நாளு. மழை பெய்யல்லேன்னாலும் போவ மாட்டேன்" என்றார்.

ரப்பர் தெரியாதவர்களுக்கு: ஒரு மரத்தைத் தினமும் வெட்ட மாட்டார்கள். பெரும்பாலும் ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் வெட்டு. மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்டு நாளாக இருந்தாலும் வெட்டுவதில்லை. பால் கோட்டில் இறங்காமல் பட்டை முழுக்கப் பரவி வழியும், சிரட்டையில் மழைத் தண்ணீர் கலக்கும். ஆக, மழை பெய்தால் வெட்டு இல்லை என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த உண்மை. மாமா கேட்டதில் ஒரு பிழையும் இல்லை.

இருந்தாலும் அன்றைக்கு அது காரணம் இல்லை. கையிலிருந்த தாளின் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன். கூற்று: அப்பா இன்று பால் வெட்டவில்லை. காரணம்: நேற்று இரவு மழை பெய்தது. கூற்று சரி, காரணமும் சரி. இரண்டையும் "ஏனென்றால்" போட்டுச் சேர்த்தால் அழகாக ஒட்டுகிறது. நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு விளக்கம் என்று போட்டிருப்பேன். அப்பாவோ அதை ஒரே வார்த்தையில் உடைத்துவிட்டார்: "பெய்யல்லேன்னாலும்."

எல்லாக் கையேட்டிலும் "நடுவில் ஏனென்றால் போட்டுப் படித்துப் பாருங்கள்" என்ற யோசனை இருக்கும். நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அதில் உள்ள கோளாறு என்னவென்றால், ஒரே பாடத்திலிருந்து எடுத்த எந்த இரண்டு உண்மை வாக்கியத்தையும் "ஏனென்றால்" ஒட்டிவிடும். காதுக்கு நன்றாகத்தான் இருக்கும். வினா எழுதுகிறவருக்கும் இது தெரியும், அதனால்தான் அதே பாடத்திலிருந்தே இரண்டாவது வாக்கியத்தை எடுக்கிறார். ஆகவே "ஏனென்றால்" போட்ட பிறகு, காரணத்தைக் கழற்றி எடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இது இல்லாவிட்டாலும் கூற்று அப்படியேதான் இருக்குமா? இருக்கும் என்றால் அது விளக்கம் இல்லை.

நம்ம ஊர்ச் சிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். கூற்று: கன்னியாகுமரியில் உள்ள திருவள்ளுவர் சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி உயரம். காரணம்: திருக்குறளில் 1330 குறட்பாக்கள் உள்ளன. 2000-ம் ஆண்டு சனவரி முதல் நாள் திறந்த சிலை, படகில் போய்ப் பார்த்தவர்கள் யாருக்கும் அந்த 133 மறக்காது. குறள் 1330 என்பது இரண்டாம் வகுப்புப் பாடம். ஒரு மாதிரித் தேர்வில் இது வந்தபோது அரை நொடியில் விளக்கம் என்று போட்டேன். எண் கூட ஒத்துப்போகிறதே!

இப்போது காரணத்தைக் கழற்றிப் பாருங்கள். அதிகாரத்துக்குப் பத்துக் குறள் என்பதற்குப் பதில் எட்டுக் குறள் இருந்து, மொத்தம் 1064 ஆகியிருந்தால் சிலை எத்தனை அடி இருந்திருக்கும்? அப்போதும் 133 தான், ஏனென்றால் உயரம் அதிகாரங்களின் எண்ணிக்கையைக் குறிக்கிறது. பீடத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவு. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள். மேலே நிற்கும் சிலை 95 அடி, பொருட்பாலின் 70-ம் இன்பத்துப்பாலின் 25-ம் சேர்ந்தது. "திருக்குறளில் 133 அதிகாரங்கள் உள்ளன" என்று காரணம் வந்திருந்தால் சரியான விளக்கம். "1330 குறட்பாக்கள்" என்று வந்ததால் இரண்டும் சரி, விளக்கம் இல்லை. விளக்கத்துக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிற உண்மையைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். என்னுடைய 31 தப்பில் பாதிக்கு மேல் இந்த மாதிரிதான்.

மீதியில் பலது தலைகீழ் வகை. கூற்று: பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்துள்ளது. காரணம்: பூமியில் பருவகாலங்கள் மாறி மாறி ஏற்படுகின்றன. அச்சுச் சாய்வு, பருவகாலம் என்று இரண்டும் மூளையில் ஒன்றாகவே முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன, அதனால் கை தானாக விளக்கத்துக்குப் போகும். ஆனால் பருவகாலம் வருவதால் அச்சு சாயவில்லை, அச்சு சாய்ந்திருப்பதால் பருவகாலம் வருகிறது. காரணம் என்ற பெயரில் விளைவை எழுதியிருக்கிறார்கள். முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதால்தான் ஆரல்வாய்மொழியில் காற்று அடிக்கிறது என்று யாராவது சொன்னால் சிரிப்போம் இல்லையா, இதுவும் அதே கதைதான். இதைப் பிடிக்க நான் வைத்திருக்கும் வழி எளிது. கூற்றை முதலில் படித்து "அதனால்" போட்டுக் காரணத்தைப் படிப்பேன். "அச்சு சாய்ந்துள்ளது, அதனால் பருவகாலங்கள் ஏற்படுகின்றன." இது ஓடினால் வண்டி எதிர்ப்பக்கம் போகிறது என்று அர்த்தம். விளக்கம் இல்லை என்று போட்டுவிட்டு நகரலாம்.

இதைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் அடுத்த ஒரு மாதம் நேர்மாறான தப்பைச் செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். எதைப் பார்த்தாலும் சந்தேகம். கூற்றில் உள்ள சொல் காரணத்தில் இல்லாவிட்டால் உடனே "விளக்கம் இல்லை". அப்படி நான் விட்ட ஒன்று: கூற்று, பகலில் கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று வீசுகிறது. காரணம், நீரின் தன் வெப்ப ஏற்புத்திறன் நிலத்தைவிட அதிகம். காரணத்தில் காற்று என்ற பேச்சே இல்லை, ஆகவே சம்பந்தம் இல்லை என்று முடிவு கட்டினேன். விடைக்குறிப்பில் சரியான விளக்கம் என்று இருந்தது. குறிப்புதான் தப்பு என்று ரொம்ப நேரம் நானே என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

குறிப்பு தப்பில்லை. நடுவில் சில படிகளைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். நீர் சூடேற அதிக வெப்பம் வேண்டும், அதனால் ஒரே வெயிலில் நிலம் சீக்கிரம் சுடுகிறது, கடல் மெதுவாகச் சுடுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி மேலெழும்ப, அங்கே அழுத்தம் குறைகிறது. அந்த இடத்துக்குக் கடலின் மேலுள்ள குளிர்ந்த காற்று வருகிறது. மத்தியானம் முட்டம் கடற்கரையில் நின்றால் முகத்தில் படுவது இதுதான். இங்கே கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு படியும் அதற்கு முந்திய படியிலிருந்தே பிறக்கிறது. வெளியிலிருந்து புதிதாக இன்னொரு காரணத்தை நடுவில் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. அப்படி இருந்தால் சங்கிலி எத்தனை கண்ணி நீளமாக இருந்தாலும் அது விளக்கம்தான்.

சிலை வினாவில் இதே மாதிரி படி கட்டிப் பாருங்கள். 1330 குறள், அதிகாரத்துக்குப் பத்து, ஆகவே 133 அதிகாரம், ஆகவே 133 அடி என்று கட்டலாமே என்று என் சித்தி மகன் வாதாடினான். நல்ல கேள்வி, நானும் கொஞ்சம் தடுமாறினேன். ஆனால் "அதிகாரத்துக்குப் பத்து" என்பதை வெளியிலிருந்து கொண்டுவந்திருக்கிறான். அந்தச் செய்தி காரணத்தில் இல்லை, காரணத்திலிருந்து பிறக்கவும் இல்லை. கடற்காற்றில் அப்படி ஒரு கடன் வாங்கவில்லை. இந்த வித்தியாசம் பிடிபட எனக்குப் பத்து நாள் ஆனது, உங்களுக்கு அத்தனை ஆகாது என்று நினைக்கிறேன்.

அப்புறம், எந்த வழியும் சரியாக வேலை செய்யாத வினாக்களும் உண்டு. எங்கள் மாவட்டத்தை வைத்துக் கேட்ட வினாவிலேயே நான் மாட்டினேன். கூற்று: கன்னியாகுமரியில் சூரியன் கடலில் உதிப்பதையும் கடலில் மறைவதையும் காணலாம். காரணம்: அங்கே வங்காள விரிகுடா, இந்தியப் பெருங்கடல், அரபிக்கடல் மூன்றும் சந்திக்கின்றன. பயிற்சி மையத்தின் குறிப்பில் சரியான விளக்கம். நான் விளக்கம் இல்லை என்று போட்டிருந்தேன். மூன்று கடலுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தாலும் உதயமும் மறைவும் தெரியத்தானே செய்யும், கிழக்கிலும் மேற்கிலும் கடல் இருக்கும்படி நிலம் முனையாக முடிவதல்லவா காரணம் என்பது என் வாதம். மையத்தில் போய்ச் சொன்னபோது, "இதெல்லாம் ஆராய்ச்சிக்குப் போறவங்க கேக்கிற கேள்விம்மா" என்றார்கள். அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. மூன்று கடல் சந்திக்கிறது என்றாலே மூன்று பக்கமும் கடல் என்று எடுத்துக்கொண்டால் அது விளக்கம்தான். இப்படி இழுபறியாக இருக்கும் வினாவில் நான் இப்போது தத்துவம் பேசுவதில்லை. பள்ளிப் பாடப்புத்தகத்தில் அந்த இரண்டு செய்தியும் எப்படி வருகிறது என்று நினைவுபடுத்திப் பார்ப்பேன். ஒரே வாக்கியத்தில் "ஆகையால்" என்று கோத்து வந்தால் விளக்கம். தனித்தனிப் பத்தியில் வந்தால் விளக்கம் இல்லை. தேர்வாணையம் உத்தேச விடைகளை வெளியிட்டு ஆட்சேபம் சொல்லச் சில நாள் தருகிறது. அங்கேயும் கையில் புத்தக ஆதாரம் வேண்டும், வாதத் திறமை மட்டும் செல்லாது.

அதே சூரிய வினாவில் ஒரு சொல்லை மாற்றி, "ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் நின்று காணலாம்" என்று போட்டால் கூற்றே தவறாகிவிடும். முனையிலிருந்து கரை வடமேற்காக ஏறிப் போகிறது. கோடை மாதங்களில் சூரியன் மேற்குக்குச் சற்று வடக்கே இறங்கும்போது கடலுக்குப் பதில் நிலத்துக்குப் பின்னால் போய்விடும். வெளியூர்க்காரர்கள் மே மாத விடுமுறையில் வந்து ஏமாறுவதைப் பார்த்திருக்கிறேன். இந்த மாதிரி ஒற்றைச் சொல் தப்பிவிடக் கூடாது என்றால் கூற்றையும் காரணத்தையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும். நான் ஒன்றைப் படிக்கும்போது மற்றதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்கிறேன். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று மற்றதற்குச் சாட்சி சொல்ல ஆரம்பித்துவிடும், தவறானதும் சரி மாதிரித் தெரியும். "எப்போதும் என்று இருந்தால் தவறு" என்கிற குறுக்கு வழியையும் நம்ப வேண்டாம். அறிவியலில் எப்போதும் என்பது உண்மையாகவே எப்போதும் இருக்கிற இடங்கள் நிறைய உண்டு.

நேரத்தை மிச்சப்படுத்தும் ஒரு விஷயம் யாரும் எனக்குச் சொல்லவில்லை, தற்செயலாகத்தான் பட்டது. கூற்று, காரணம் என்று இரண்டு வாக்கியம் இருந்தால் மொத்தம் ஐந்து நிலை சாத்தியம்: இரண்டும் சரி விளக்குகிறது, இரண்டும் சரி விளக்கவில்லை, முதலாவது மட்டும் சரி, இரண்டாவது மட்டும் சரி, இரண்டும் தவறு. ஆனால் கொடுப்பது நாலு விடைதான், ஒன்றை விட்டுவிடுகிறார்கள். எது விடுபட்டிருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். நான் பழகிய தாள்களில் பெரும்பாலும் "இரண்டும் தவறு" இருக்காது. அது இல்லாத வினாவில் கூற்று தவறு என்று உறுதியாகத் தெரிந்துவிட்டால் காரணத்தைப் படிக்கவே வேண்டாம், விடை தானாக விழுந்துவிடும். காரணம் தவறு என்று முதலில் தெரிந்தாலும் அப்படியே. அந்த 54 செகண்டில் நாற்பதை இங்கே மிச்சம் பிடித்து, இரண்டும் சரியாக வருகிற வினாவில் செலவழிக்கலாம். "இரண்டும் தவறு" இருக்கிற தாளில் இந்த வித்தை பலிக்காது, அதனால்தான் முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

விடைகளின் வரிசையும் ஒரு பொறி. மருத்துவ நுழைவுத் தேர்வுக்கான பழைய புத்தகம் ஒன்றைச் சித்தி மகனிடம் வாங்கி அறிவியல் வினாக்களைப் பழகினேன். அதில் "இரண்டும் சரி, விளக்குகிறது" எப்போதும் முதல் விடை. நான் எழுதும் தேர்வின் பழைய தாள்களில் "கூற்று சரி, காரணம் தவறு" என்பதே முதலில் வந்தது. மனதுக்குள் விளக்கம் என்று முடிவு செய்து, பழக்கத்தில் முதல் வட்டத்தைக் கருப்பாக்கிய நாட்கள் உண்டு. இப்போது வினாத்தாள் ஓரத்தில் முதலில் "ச ச வி" அல்லது "ச த" என்று பென்னால் குறித்துவிட்டுத்தான் எந்த வட்டம் என்று தேடுகிறேன். மூன்று எழுத்து எழுத இரண்டு செகண்ட்.

இரண்டாவது தடவைக்குப் பயிற்சி மையம் போகவில்லை. கடைக்காரர் மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொண்டார், சம்பளம் 500 ரூபாய் குறைத்து. காலையில் அப்பா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நாலு மணிக்குத் தோட்டத்துக்குக் கிளம்பும்போது நானும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். ஒரு நாளைக்குப் பத்து வினா, அதற்கு மேல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும் என்பது நானே போட்ட விதி. விளக்கம் என்றால் நடுப் படியை எழுத வேண்டும். விளக்கம் இல்லை என்றால் உண்மையான காரணம் என்ன என்று எழுத வேண்டும். அதை எழுத முடியாவிட்டால் விடை சரியாக இருந்தாலும் தப்பு என்றே கணக்கு வைத்தேன். இந்த விதி மட்டும்தான் உண்மையில் கை கொடுத்தது.

ஒரு நாள் அப்பாவிடமே ஒன்று கேட்டேன். அதிகாலையில் வெட்டுவது பால் சீக்கிரம் கெட்டியாகிவிடும் என்பதாலா என்று. "கெட்டியாவுறது சாயங்காலம் வெட்டினாலும் ஆவும் மக்ளே" என்றார். "வெயில் ஏறினா மரம் தண்ணி விட ஆரம்பிக்கும், பால் இழுத்துக்கும். வெளுக்கிறதுக்கு முன்னால மரம் நெறஞ்சு நிக்கும், கேட்டியா." புத்தகத்தில் பார்த்தால் அதேதான் இருக்கிறது. இரவில் நீராவிப்போக்கு குறைவு, அதனால் பால் குழாய்களில் அழுத்தம் அதிகம், வெட்டினால் பால் நன்றாக ஓடுகிறது. எட்டாம் வகுப்போடு நின்ற மனிதர், ஒரே மூச்சில் பக்கத்து வீட்டு உண்மையைக் கழற்றி வைத்துவிட்டுச் சங்கிலியையும் கட்டிக் காட்டிவிட்டார். நான் அதற்கு 14,000 கட்டியிருந்தேன்.

அடுத்த தேர்வில் இந்த வகையில் ஒன்று மட்டும் போயிற்று. அது மரபுப் பொருளாதாரம் பற்றிய வினா. கூற்றும் எனக்குத் தெரியாது, காரணமும் தெரியாது. கட்டைவிரலால் எதை மறைத்து என்ன பயன்? தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால் ஏதோ ஒரு வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு அடுத்த வினாவுக்குப் போனேன்.